மாவுப் பாக்கெட்டின் எடையிலிருந்து Cp, Cpk: ஒரு தேர்வுக் கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு மாவு மில்லில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். எங்கள் தெருவில் உணவுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி போன மாதம் ஒரு தாளோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். "அண்ணா, கால்குலேட்டர்ல முப்பது எண்ணையும் போட்டு திட்டவிலக்கம் எடுத்தேன். Cpk 0.99 வருது. விடைத்தாள்ல 0.93னு இருக்கு. நான் எங்க தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாள்.

அவள் கூட்டல் கழித்தலில் தப்பே செய்யவில்லை. கேள்வி எந்த திட்டவிலக்கத்தைக் கேட்கிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை. ஒரு செயல்முறை வரம்புக்குள் நிற்கும் திறனை Cp, Cpk என்ற எண்களால் அளக்கும் இந்தப் பாடத்தில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். சூத்திரத்தில் போடும் திட்டவிலக்கம், அதாவது சிக்மா, எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கை நின்றுவிடும். அதனால் அந்தக் கேள்வியையே எடுத்து, அவளுக்கு அன்று சொன்ன வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

## கேள்வி

ஆகர் இயந்திரம் ஒன்று 500 கிராம் அரிசி மாவுப் பாக்கெட்டுகளை நிரப்புகிறது. நிகர எடைக்கான வரம்பு 502 ± 6 கிராம். மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வரும் ஐந்து பாக்கெட்டுகள் எடை போடப்பட்டன. செயல்முறை கட்டுப்பாட்டில் இருக்கிறதா? Cp, Cpk எவ்வளவு? எத்தனை சதவீதப் பாக்கெட்டுகள் வரம்பைத் தாண்டும்? சராசரியை நடுவுக்குக் கொண்டுவந்தால் என்ன மாறும்? ஐந்து பாக்கெட் கொண்ட குழுவுக்கான மாறிலிகள்: d2 = 2.326, A2 = 0.577, D3 = 0, D4 = 2.114.

| நேரம் | 1 | 2 | 3 | 4 | 5 | சராசரி | வீச்சு |
|---|---|---|---|---|---|---|---|
| காலை 8 | 502.5 | 504.5 | 501.7 | 503.8 | 503.0 | 503.1 | 2.8 |
| 9 | 505.4 | 502.6 | 504.0 | 506.1 | 503.9 | 504.4 | 3.5 |
| 10 | 501.8 | 503.7 | 505.2 | 502.6 | 504.2 | 503.5 | 3.4 |
| 11 | 506.7 | 504.9 | 502.9 | 504.6 | 505.4 | 504.9 | 3.8 |
| 12 | 502.6 | 501.4 | 504.4 | 503.2 | 504.9 | 503.3 | 3.5 |
| மதியம் 1 | 504.4 | 502.3 | 506.2 | 502.8 | 502.3 | 503.6 | 3.9 |

கேள்வித்தாளில் கடைசி இரண்டு பத்திகளும் இருக்காது, நாம்தான் நிரப்ப வேண்டும். எல்லா எண்ணிலும் 500 பொதுவாக இருப்பதால் அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் கூட்டினால் வேலை சுலபம். முதல் வரிசையில் 2.5, 4.5, 1.7, 3.8, 3.0 கூட்டினால் 15.5. ஐந்தால் வகுத்தால் 3.1. ஆக சராசரி 503.1. வீச்சு என்பது பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தது: 4.5 − 1.7 = 2.8. மற்ற வரிசைகளும் இதேபோல.

எண்ணைத் தொடுவதற்கு முன் கேள்வியில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிடுங்கள்: நிகர எடையா, மொத்த எடையா? மொத்த எடை என்று இருந்தால் காலி உறையின் எடையைக் கழித்த பிறகுதான் வரம்போடு ஒப்பிட வேண்டும். உறை 4 கிராம் என்று கொடுத்திருந்து அதைக் கழிக்க மறந்தால், 12 கிராம் அகலமுள்ள வரம்பில் மூன்றில் ஒரு பங்கு தூரம் சராசரி நகர்ந்துவிடும். Cp மாறாது, Cpk அடியோடு தப்பாகும். இந்தக் கேள்வியில் நிகர எடையே கொடுத்துவிட்டார்கள்.

## முதலில் கட்டுப்பாட்டில் இருக்கிறதா

பலர் நேராக Cp-க்குப் போய்விடுவார்கள். கேள்வியின் முதல் பகுதி ஒப்புக்கு வைத்தது என்று நினைப்பு. அப்படியில்லை. செயல்முறை நிலையாக இல்லையென்றால் அதற்கு Cpk என்று ஒரு எண்ணே கிடையாது. காரணத்தைக் கொஞ்சம் கீழே காட்டுகிறேன்.

ஆறு சராசரிகளின் சராசரி 503.8. ஆறு வீச்சுகளின் கூட்டல் 20.9, அதை ஆறால் வகுத்தால் 3.483. இந்த இரண்டு எண்களை வைத்து மேல் எல்லை UCL, கீழ் எல்லை LCL:

```
R chart : UCL = D4 x Rbar = 2.114 x 3.483 = 7.36
          LCL = D3 x Rbar = 0
X chart : 503.8 ± A2 x Rbar = 503.8 ± 0.577 x 3.483
          = 503.8 ± 2.01
          LCL = 501.79   UCL = 505.81
```

வீச்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சராசரி வரைபடத்தின் எல்லையே வீச்சிலிருந்து வருகிறது. பெரிய வீச்சு 3.9, எல்லை 7.36. பிரச்சினை இல்லை. சராசரிகள் 503.1 முதல் 504.9 வரை, எல்லாம் உள்ளேதான். ஏறிக்கொண்டே போகும் போக்கும் இல்லை. அதனால் "கட்டுப்பாட்டில் உள்ளது" என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

இந்த 501.79, 505.81 இரண்டையும் 496, 508 என்ற வரம்புகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் ஜோடி இயந்திரம் தானே சொல்வது, அதுவும் ஐந்து பாக்கெட்டின் சராசரியைப் பற்றி. இரண்டாவது ஜோடி நாம் இயந்திரத்திடம் கேட்பது, ஒவ்வொரு தனிப் பாக்கெட்டுக்கும் பொருந்துவது. பதினொரு மணி வரிசையில் 506.7 என்று ஒரு பாக்கெட் இருக்கிறது. அது 505.81-ஐத் தாண்டிவிட்டது, கட்டுப்பாடு போச்சு என்று எழுதிய விடைத்தாளை நான் பார்த்திருக்கிறேன். தனிப் பாக்கெட்டை சராசரியின் எல்லையோடு ஒப்பிடவே கூடாது.

## சிக்மா எங்கிருந்து வருகிறது

இப்போது அந்தப் பெண் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருவோம். இந்த முப்பது எண்களிலிருந்து இரண்டு விதமாக சிக்மா எடுக்கலாம்.

ஒன்று, குழுவுக்குள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் மட்டும். அடுத்தடுத்து விழுந்த ஐந்து பாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது. அதைச் சராசரி வீச்சிலிருந்து எடுக்கிறோம்:

```
sigma = Rbar / d2 = 3.483 / 2.326 = 1.50
```

இன்னொன்று, மணி, குழு என்று எதையும் பார்க்காமல் முப்பதையும் ஒரே குவியலாகப் போட்டு, கால்குலேட்டரில் n − 1 வைத்து எடுக்கும் திட்டவிலக்கம். இந்த எண்களுக்கு அது 1.42 வரும்.

Cp, Cpk இரண்டுக்கும் முதலாவது. இரண்டாவதை வைத்துக் கணக்கிட்டால் அதன் பெயர் Pp, Ppk. எண்களைக் குழு குழுவாகக் கொடுத்து, கூடவே d2-வையும் கொடுத்திருந்தால் முதலாவதைத்தான் கேட்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். குழுவே இல்லாமல் வெறுமனே முப்பது எடைகளைக் கொடுத்து Cpk கேட்டால் வேறு வழியில்லை, கால்குலேட்டர் திட்டவிலக்கத்தையே போட்டு, அதைத்தான் போட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சரி, 1.50-க்கும் 1.42-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, எதற்கு இவ்வளவு பிடிவாதம்? இந்த எண்களில் வித்தியாசம் சின்னதாக இருப்பதற்குக் காரணமே, செயல்முறை நிலையாக இருப்பதுதான். நிலை குலைந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டால் விஷயம் பளிச்சென்று தெரியும்.

ஆகர் இயந்திரம் எடை பார்த்து நிரப்புவதில்லை. திருகு இத்தனை சுற்று சுற்றினால் இத்தனை கொள்ளளவு மாவு இறங்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மாவு எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறதோ அதைப் பொறுத்து எடை மாறும். ஹாப்பரில் மாவு தளும்ப இருந்தால் மேலிருந்து அழுத்தம் விழுந்து திருகுக்குள் நன்றாக அடைந்து இறங்கும். ஹாப்பர் பாதிக்குக் கீழே போனால் எடையும் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை பிடித்துக்கொண்டால் மாவு ஈரம் இழுத்துக் கட்டி கட்டியாக நிற்கும், திருகில் இடைவெளி விழும். மறுபடி நன்றாக வறுத்துச் சலித்த லாட் ஏறினால் எடை திடீரென்று கூடும்.

அப்படி ஒரு நாளில், பத்து மணி எடைக்குப் பிறகு வேறு லாட் மாவு ஏறியதால் கடைசி மூன்று வரிசையிலும் ஒவ்வொரு பாக்கெட்டும் 3 கிராம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 11 மணிக்கு சராசரி 507.9, 12-க்கு 506.3, 1-க்கு 506.6. ஒரு குழுவுக்குள் ஐந்தும் சேர்ந்தே ஏறியதால் வீச்சில் ஒரு புள்ளிகூட மாறாது. சராசரி வீச்சு அதே 3.483, சிக்மா அதே 1.50, Cp-யும் அப்படியே. ஆனால் முப்பதையும் குவியலாக எடுத்தால் திட்டவிலக்கம் 2.18 ஆகிறது:

```
Cp = 12 / (6 x 1.50) = 1.33
Pp = 12 / (6 x 2.18) = 0.92
```

வீச்சிலிருந்து எடுத்த சிக்மாவுக்கு அந்த 3 கிராம் தாவல் கண்ணுக்கே தெரியவில்லை. சராசரி வரைபடத்துக்குத் தெரிகிறது. மொத்த சராசரி 505.3 ஆகும், எல்லைகள் 503.29, 507.31. காலை 8 மணியின் 503.1 கீழே விழுகிறது, 11 மணியின் 507.9 மேலே தாண்டுகிறது. முதல் பகுதியில் கட்டுப்பாட்டைக் கேட்பது இதற்காகத்தான். வரைபடத்தைப் பார்க்காமல் Cp மட்டும் போட்டவர் 1.33 என்று திருப்தியாக எழுதியிருப்பார். அன்று பாக்கெட் வாங்கியவர்களுக்குப் போனதோ 0.92.

அப்படிப்பட்ட எண்கள் கேள்வியில் வந்தால், "கட்டுப்பாட்டில் இல்லை, காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகே Cpk கணக்கிட வேண்டும்" என்று எழுதுவதுதான் சரியான விடை. அதற்குப் பிறகும் எண் கேட்டால், காரணம் தெரிந்த குழுக்களை நீக்கி எல்லைகளைத் திரும்பக் கணக்கிட்டு மேலே போக வேண்டும்.

## Cp, பிறகு Cpk

நம் கேள்விக்குத் திரும்புவோம். மேல் வரம்பு 508, கீழ் வரம்பு 496.

```
Cp  = (USL - LSL) / 6 sigma = (508 - 496) / (6 x 1.50)
    = 12 / 9 = 1.33

CPU = (USL - mean) / 3 sigma = (508 - 503.8) / 4.5 = 0.93
CPL = (mean - LSL) / 3 sigma = (503.8 - 496) / 4.5 = 1.73

Cpk = 0.93
```

Cp என்பது வாசலின் அகலத்தையும் மாட்டுவண்டியின் அகலத்தையும் ஒப்பிடுவது. வண்டி 9 கிராம் அகலம், வாசல் 12 கிராம். நுழைய இடம் இருக்கிறது. வண்டி வாசலுக்கு நேராக வருகிறதா, ஓரமாக வந்து தூணில் இடிக்கிறதா என்பதை Cp பார்ப்பதில்லை. Cpk அதைத்தான் பார்க்கிறது. இரு பக்கத்தில் எந்தத் தூண் கிட்டே இருக்கிறதோ அந்தத் தூரத்தை எடுக்கிறது. இங்கே மேல் பக்கத் தூண் கிட்டே இருக்கிறது.

விடை எழுதும்போது இரண்டையும் காட்டிவிட்டு, சின்னதை Cpk என்று எடுங்கள். சராசரி மேலே சாய்ந்திருப்பது தெரிந்ததுதானே என்று ஒன்றை மட்டும் போட்டால் படிக்கான மதிப்பெண் போகும், சரிபார்க்கவும் வழியில்லாமல் போகும். சரிபார்ப்பு என்னவென்றால், CPU, CPL இரண்டின் சராசரி எப்போதும் Cp-யாகவே வர வேண்டும். 0.93, 1.73 கூட்டி இரண்டால் வகுத்தால் 1.33. வரவில்லையென்றால் எங்கோ கழித்தல் தப்பிவிட்டது என்று அர்த்தம். தேர்வு அறையில் பத்து நொடி வேலை இது, நான் எல்லாப் பிள்ளைகளிடமும் செய்யச் சொல்வேன்.

சில கேள்வித்தாள்களில் k என்ற வழியில் கேட்பார்கள். வரம்பின் நடு 502, நம் சராசரி 503.8, விலகல் 1.8. அரை அகலம் 6. ஆக k = 1.8 / 6 = 0.3. அப்புறம் Cpk = Cp × (1 − k) = 1.33 × 0.7 = 0.93. அதே விடைதான்.

## எத்தனை பாக்கெட் தாண்டும்

இங்கே இயல்நிலைப் பரவல் என்ற அனுமானம் உள்ளே வருகிறது. அதை ஒரு வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

மேல் பக்கம் z = (508 − 503.8) / 1.5 = 2.8. அட்டவணையில் 2.8-க்கு 0.9974. மீதி 0.0026, அதாவது 0.26 சதவீதம். கீழ் பக்கம் z = 7.8 / 1.5 = 5.2. தேர்வுக்குத் தரும் அட்டவணைகள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. பூஜ்ஜியம் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் பாக்கெட்டில் சுமார் இரண்டு அல்லது மூன்று 508-ஐத் தாண்டும்.

z-ஐ மூன்றால் வகுத்தால் Cpk என்பதைக் கவனித்தீர்களா? 2.8 / 3 = 0.93. இரண்டும் ஒரே தூரத்தை வேறு அலகில் சொல்வதுதான். அதனால் Cpk எழுதியதுமே z கையில் இருக்கிறது, திரும்பக் கணக்கிட வேண்டியதில்லை.

"அண்ணா, முப்பது பாக்கெட்டுல ஒண்ணுகூட 508 தாண்டல, பெருசே 506.7தான். அப்புறம் எப்படி Cpk ஒண்ணுக்குக் கீழ வரும்?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ஆயிரத்துக்கு 2.6 தாண்டும் என்றால் முப்பதில் ஒன்றாவது தாண்டுவதற்கு வாய்ப்பே மிகக் குறைவு. பார்த்த முப்பதும் உள்ளே இருக்கிறதா என்பதை Cpk கேட்பதில்லை. பார்க்காத ஆயிரக்கணக்கான பாக்கெட்டைப் பற்றித்தான் அது பேசுகிறது.

அதே காரணத்தால் முப்பது பாக்கெட்டை வைத்துச் சொல்லும் Cpk உறுதியான எண்ணும் இல்லை. வழக்கமாகப் பயன்படுத்தும் தோராயச் சூத்திரத்தில் போட்டால் 95 சதவீத இடைவெளி சுமார் 0.66-லிருந்து 1.20 வரை நீள்கிறது. எனவே அவள் விடை 0.99, விடைத்தாள் 0.93 என்ற வித்தியாசம் மில்லில் யாரையும் பாதிக்காது. தேர்வில் பாதிக்கும், ஏனென்றால் அங்கே முறையைத்தான் சோதிக்கிறார்கள். மில்லில் நாங்கள் ஆறு குழுவோடு நிறுத்தாமல் இருபது, இருபத்தைந்து குழு சேர்ந்த பிறகே Cpk-ஐத் தாளில் எழுதுவோம். தேர்வுக்கு ஆறு குழு கொடுப்பது நேரத்துக்காக.

## நடுவுக்குக் கொண்டுவந்தால்

சராசரியை 502-க்கு இறக்கி, சிக்மா அதே 1.50 என்று வைத்தால், இரு பக்கமும் 6 / 4.5 = 1.33. Cpk-யும் Cp-யும் ஒன்றாகிவிடும். z இரு பக்கமும் 4. தாண்டும் அளவு இரு பக்கமும் சேர்த்துப் பத்து லட்சத்துக்குச் சுமார் 63. முன்பு பத்து லட்சத்துக்கு 2,600 அளவில் இருந்தது. புது இயந்திரம் வாங்கவில்லை, மாவை மாற்றவில்லை, 1.8 கிராம் இறக்கியதோடு சரி. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்துக்கு 1.33 இருந்தால் போதும் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. அதை இந்த இயந்திரம் தொடும்.

கேள்வியில் "உங்கள் பரிந்துரை என்ன" என்று இருந்தால், Cp-யும் Cpk-யும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்து எழுதுங்கள். இங்கே Cp போதுமானது, Cpk போதவில்லை. கோளாறு சராசரியில் இருக்கிறது, எனவே சராசரியை நகர்த்து. இரண்டுமே குறைவாக, பக்கத்துப் பக்கத்தில், உதாரணமாக 0.85, 0.83 என்று வந்தால் சராசரியை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. ஏற்ற இறக்கத்தைக் குறைக்க வேண்டும். ஹாப்பர் மட்டத்தை ஒரே நிலையில் வைப்பது, மாவைச் சலித்து ஏற்றுவது, தேய்ந்த திருகை மாற்றுவது என்று வேலை அந்தப் பக்கம் போகும்.

அதிக எடை வரம்பைத் தாண்டினால் என்ன, வாங்குபவருக்கு லாபம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் மில்லில் இயந்திரம் ஓட்டும் அண்ணன் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினார். "கொறஞ்சா கேஸு தம்பி, கூடுனா யாரு கேக்கப் போறா" என்பார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 கிராம் பாக்கெட்டில் அனுமதிக்கும் குறைவு 15 கிராம்தான். தனிப் பாக்கெட்டுக்கு அந்தச் சலுகை இருந்தாலும், எடுத்த மாதிரியின் சராசரி உறையில் போட்ட 500-க்குக் கீழே போகக் கூடாது. அதனால்தான் கேள்வியில்கூட வரம்பின் நடு 500-இல் இல்லாமல் 502-இல் இருக்கிறது. சட்டத்தின் எல்லை ஒரு பக்கம் மட்டும். கேள்வியில் கொடுத்திருக்கும் 496, 508 நிறுவனம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட எல்லை. தேர்வில் கொடுத்த எல்லையைத்தான் எடுக்க வேண்டும், சட்டம் தெரியும் என்று 485-ஐப் போட்டுவிடக் கூடாது.

502-க்கு மேல் வைக்கும் ஒவ்வொரு கிராமும் சும்மா போவது. ஒரு நாளைக்கு 4,000 பாக்கெட் என்று எடுத்தால் 1.8 கிராம் வீதம் 7.2 கிலோ மாவு. பாக்கெட்டாகப் போட்டால் பதினான்கு. மாசத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் அந்த அண்ணன் இறக்கச் சம்மதித்தார்.

இறக்குவது எப்படி? திருகின் சுற்று எடைக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், இப்போதுள்ள செட்டிங்கை 502 / 503.8 என்ற விகிதத்தால் பெருக்கினால் போதும். அது 0.9964. திரையில் 10,000 பல்ஸ் என்று இருந்தால் 9,964. ஹாப்பர் எப்போதும் இருக்கும் மட்டத்தில் இருக்கும்போது மாற்ற வேண்டும், இல்லையென்றால் மட்டத்தின் விளைவையும் சேர்த்துத் திருத்திவிடுவோம்.

மாற்றிய அன்று முதல் சில பாக்கெட்டை விட்டுவிட்டு, அடுத்த ஐந்தை எடுத்தோம். தராசுத் தட்டில் படிந்த மாவைத் துணியால் துடைத்து, பூஜ்ஜியம் பார்த்து, காலி உறையைக் கழித்து வைத்தோம். 501.3, 503.6, 502.9, 500.7, 503.5. அண்ணன் மனக்கணக்கில் தேறினவர். "ஐநூத்தி ரெண்டு புள்ளி நாலு வருது தம்பி, இன்னும் கொஞ்சம் எறக்கிடவா?" என்று திரைக்குக் கையைக் கொண்டு போனார்.

"வேணாண்ணே" என்றேன். புது நடு 502, ஐந்தின் சராசரிக்கு எல்லை இரு பக்கமும் 2.01. 0.4 என்பது இயந்திரத்தின் சாதாரண ஆட்டம். அதற்கு ஒருமுறை இறக்கி, அடுத்த ஐந்து 501.5 வந்ததும் ஒருமுறை ஏற்றி என்று போனால், இல்லாத ஏற்ற இறக்கத்தை நாமே கையால் உண்டாக்குவோம், சிக்மா 1.50-இல் நிற்காது. 499.99-க்குக் கீழேயோ 504.01-க்கு மேலேயோ போனால் மட்டும் தொடலாம் என்று அந்த இரண்டு எண்ணையும் சாக்குக்கட்டியால் இயந்திரத்தின் பக்கவாட்டில் எழுதி வைத்தோம்.